யாரை எவ்வாறு வணங்குவது?

ஒருவரை ஒருவர் காணும்போது முதலில் எழுவது சொல் என்பர் சிலர். கைகூப்பும் செயல் என்பர் சிலர். அவ்விரண்டிற்கும் முன்பே உள்ளத்தில் ஒரு கணிப்பு எழுந்துவிடுகிறது. "இவர் எனக்கு யார்? இவருக்கு நான் யார்?" என்பதே அக்கணிப்பு. அதற்கு நாம் கண்ட விடை எதுவோ, அதுவே வாய்வழி 'வணக்கம் ஐயா' என்றோ, 'வாங்க' என்றோ, 'என்னப்பா' என்றோ வெளிப்படுகிறது. இமைப்பொழுதில் நிகழ்ந்து முடிகின்ற இக்கணிப்பில் நம் பணிவும் செருக்கும் அன்பும் அச்சமும் ஒருங்கே அடங்கியிருப்பதால், இஃது ஆராய்ந்து பார்க்கத் தக்கதாகிறது.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில் இதுபற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. "பெரியவர்களைக் கண்டால் எழுந்து நின்று கைகூப்பும் வழக்கம் போய்விட்டது; எல்லாரிடமும் ஒரே மாதிரியாகப் பேசுகிறார்கள்" என்று முதியோர் வருந்துகின்றனர். "உள்ளத்தில் இல்லாத மதிப்பைக் கையால் காட்டுவது நடிப்பு, இயல்பாகப் பேசுவதே உண்மை" என்று இளையோர் கூறுகின்றனர். முதியோர் கூற்றில் வினயம் இருக்கிறது. இளையோர் கூற்றில் வாய்மை இருக்கிறது. வினயம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. வாய்மை ஐந்து விரதங்களுள் ஒன்று. இரண்டும் அறமே. ஆகவே, இவ்வழக்கில் ஒரு பக்கத்தாரை மட்டும் கண்டித்து முடித்துவிட இயலாது.

வணக்கத்திலும் உண்டு குற்றம்

துறவியருக்குரிய ஆறு ஆவசியகங்களுள் வந்தனையும் ஒன்று. வட்டகேரர் இயற்றியதாகக் கூறப்பெறும் மூலாசாரம் அதனை விரிவாகப் பேசுகிறது. வணங்குக என்று விதிப்பதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. வணக்கம் எவ்வாறெல்லாம் பழுதுபடும் என்று முப்பத்திரண்டு குற்றங்களை எண்ணிக் காட்டுகிறது. அவை துறவியர் தம் ஆசிரியரை வணங்கும்போது நேர்வன. எனினும் அவற்றுட் சிலவற்றைப் படிக்கும்போது, நம் அலுவலகங்களையும் திருமண மண்டபங்களையும் நேரிற் கண்டு எழுதியது போலவே தோன்றுகிறது.

ஆதரவின்றி, ஏதோ செய்து தொலைப்பது போல் வணங்குவது ஒரு குற்றம். செருக்கோடு விறைத்து நின்று வணங்குவது ஒன்று. அச்சத்தால் வணங்குவது ஒன்று. பெருமையும் பின்தொடர்வாரும் வந்து சேர்வர் என்று கருதி வணங்குவது ஒன்று. ஆசிரியர் பார்க்கும்போது ஒழுங்காகவும் பாராதபோது ஏனோதானோவென்றும் வணங்குவது ஒன்று. பொருள் கிடைத்த பின் வணங்குவது ஒன்று. கிடைக்கும் என்று எதிர்பார்த்து வணங்குவது மற்றொன்று. சங்கத்தார்க்குச் செலுத்த வேண்டிய வரியைக் கட்டித் தீர்ப்பதாக எண்ணி வணங்குவதும் அப்பட்டியலில் உண்டு. தவளை கத்துவது போல் பிறர் குரலை அமுக்கிக்கொண்டு உரக்கச் சொல்வதுங்கூட விடுபடவில்லை.

இப்பட்டியல் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. இளையோர் வெறுக்கும் நடிப்பை அந்நூலும் வெறுக்கிறது. ஆனால் அதற்கு மருந்தாக வணக்கத்தை விட்டுவிடுமாறு கூறவில்லை. குற்றத்தை நீக்கி வணங்குமாறு கூறுகிறது. சொல் முறையானதா, எளிதானதா என்பதைவிட, எதற்காகச் சொல்கிறோம், யார் பார்க்கும்போது சொல்கிறோம், பாராதபோதும் அப்படியே சொல்வோமா என்பவையே வணக்கத்தை அளக்கும் கோல்கள். மேலதிகாரியைக் கண்டு மூன்று முறை கைகூப்பும் ஒருவர் அதே வாயிலில் நிற்கும் காவலரைக் கண்டும் காணாதவர் போல் கடந்து செல்வாராயின், அவர் கூப்பிய கையில் இருந்தது மதிப்பன்று என்பதை அறிய வேறு சான்று வேண்டியதில்லை.

காலம் இடம் பற்றியும் மூலாசாரம் ஒரு குறிப்புத் தருகிறது. துறவி கவனம் சிதறியிருக்கும்போதும், முகம் திருப்பியிருக்கும்போதும், உணவு கொள்ளும்போதும் வணங்கலாகாது. அவர் அமைதியாக எதிர்முகமாக அமர்ந்திருக்கும்போது, அவர் இசைவு பெற்று வணங்க வேண்டும். நம்மவர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பந்தியில் உண்டுகொண்டிருக்கும் பெரியவரிடம் சென்று காலைத் தொடுவதும், தொலைபேசியிற் பேசிக்கொண்டிருப்பவர் முன் நின்று அவர் திரும்பும்வரை கைகூப்பியிருப்பதும் மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அவை, "என்னை இப்போதே கவனி" என்னும் வேண்டுகோளே ஆகும். வணக்கம் பெறுபவருக்கு இடையூறாகுமிடத்து, தலையை மெல்லத் தாழ்த்திக் கடந்து செல்வதே வினயம்.

எல்லார்க்கும் ஒன்றா?

"ஏன் இத்தனை வேறுபாடு? எல்லாரையும் ஒரே சொல்லால் வாழ்த்தினால் என்ன?" என்று கேட்கலாம். நம் மரபு இதற்கு இரண்டு விடைகளை ஒருங்கே வைத்திருக்கிறது. சிராவகர் ஒருவரையொருவர் காணும்போது 'ஜெய் ஜினேந்திர' என்கிறோம். செல்வரும் வறியரும், முதியவரும் சிறுவரும் ஒரே சொல்லையே சொல்லி, அதே சொல்லையே மறுமொழியாகப் பெறுகின்றனர். ஆனால் துறவறத்தாரைக் காணும்போது சொல் மாறுகிறது. முனிவருக்கு 'நமோஸ்து', ஆர்யிகையருக்கு 'வந்தாமி', ஐலகர் க்ஷுல்லகர் ஆகியோர்க்கு 'இச்சாமி' என வேறுபடுத்துகிறோம். இவ்வேறுபாடு அகவை பற்றியதன்று, குலம் பற்றியதன்று, செல்வம் பற்றியதும் அன்று. மேற்கொண்ட விரதம் பற்றியது. எண்பது வயதுச் செல்வரும் இருபத்தைந்து வயது முனிவர் முன் 'நமோஸ்து' என்றே பணிகிறார்.

ஆராயாது எல்லாவற்றையும் ஒப்பப் பணிவதை 'வைநயிகம்' என்று பெயரிட்டு, மித்யாத்துவத்தின் ஐந்து வகைகளுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்துள்ளன. தேவர்கள், சமயங்கள் பற்றிய நம்பிக்கையைக் குறித்து எழுந்தது அக்கருத்து. எனினும், வேறுபாடறியாத பணிவு அறியாமையின் ஒரு வடிவம் என்னும் அதன் சாரம் இங்கும் பொருந்தும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நெறி கிட்டுகிறது. மனிதர் என்ற அளவில் எவர்க்கும் குறையாத ஒரு பொது மதிப்பு உண்டு. அதற்கு மேல் ஒருவருக்குக் கூடுதலாக அளிக்கும் மதிப்பு அவரிடம் உள்ள ஒரு குணத்தையோ, அவர் நமக்குச் செய்த ஒரு நன்மையையோ பற்றியதாக இருக்க வேண்டும். மேற்கட்டு தனி, அடித்தளம் பொது. மேற்கட்டை இடித்துவிட்டால் நன்றி மறைந்துவிடும். அடித்தளத்தை இடித்துவிட்டாலோ மனிதத்தன்மையே மறைந்துவிடும்.

ஏறுவதும் இறங்குவதும்

தமிழில் வணக்கச் சொல்லைவிட ஆழமாகப் பாய்வது அதனைத் தொடர்ந்து வரும் 'நீ', 'நீங்கள்' என்னும் விளி. ஒருவரைப் பன்மையாற் கூறுவது எண் வழுவாகும். ஆயினும் உயர்வு கருதி மக்கள் அவ்வாறு வழங்குகின்றனர் என்பதைத் தொல்காப்பியமே குறித்துள்ளது. பவணந்தி முனிவரின் நன்னூல், திணையும் பாலும் தம் வரம்பு கடந்து வழங்கப்படுவதற்கு மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றைக் காரணங்களாகக் காட்டுகிறது. ஒரே வழு ஓரிடத்தில் அன்பின் அடையாளமாகவும் மற்றோரிடத்தில் சினத்தின் அடையாளமாகவும் இருக்கும் என்பதை அம்முனிவர் அறிந்திருந்தார். தாய் மகனை 'நீங்க' என்றால் அவள் ஊடியிருக்கிறாள் என்று பொருள். அயலார் 'நீ' என்றால் அவர் இழித்துரைக்கிறார் என்று பொருள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'நீங்கள்' என்று தொடங்கிய உறவு நெருங்கி 'நீ' என்றாகும்போது இருவரும் மகிழ்கின்றனர். 'நீ' என்று தொடங்கிவிட்டுப் பின்னர் 'நீங்கள்' என்று திருத்திக்கொள்வது எளிதன்று. அவ்வாறு திருத்தும்போது, முதலிற் செய்தது பிழை என்பது வெளிப்படுகிறது. அல்லது உறவு முறிந்துவிட்டது என்ற எண்ணம் எழுகிறது. மாடியிலிருந்து கீழிறங்குவது போன்றது முன்னது; கீழே தள்ளிவிட்டுத் தூக்கிவிடுவது போன்றது பின்னது. ஆகவே, அறிமுகமில்லாதவரிடம் முறையான சொல்லில் தொடங்குவதற்குக் காரணம் வெறும் சம்பிரதாயம் அன்று. பிழையாகிப் போனாலும் யாருக்கும் காயம் உண்டாக்காத தொடக்கம் அது ஒன்றே.

அம்முறைமையைத் தளர்த்தும் உரிமை யாருக்கு உண்டு? தளர்த்துவதால் எவருக்கு மதிப்புக் குறையக்கூடுமோ, அவருக்கே உண்டு. 'சார் என்று சொல்ல வேண்டாம், அண்ணன் என்றே கூப்பிடு' என்று மூத்தவர் கூறலாம். 'இனி உங்களை அண்ணன் என்றே கூப்பிடுவேன்' என்று இளையவர் தாமே முடிவு செய்துகொள்வது, பிறர் வீட்டுக் கதவை நாமே திறந்துகொண்டு உள்ளே புகுவதற்கு நிகர்.

மூன்று சந்திப்புகள்

இந்நெறியை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்த ஓர் இளம்பெண், அரசுப் பணித் தேர்வில் வென்று, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் பொறுப்பேற்கச் செல்வதாகக் கொள்வோம். அன்று அவர் மூவரைச் சந்திக்கிறார்.

முதலாமவர் வீட்டிற்கு வந்திருக்கும் பெரியப்பா. வீடூரிலோ பெரமண்டூரிலோ இருந்து காலையிலேயே பேருந்து ஏறி வந்தவர். அவரைக் கண்டு அப்பெண் கைகூப்பி, 'வணக்கம் பெரியப்பா' என்றால் அது முறையான சொல்லே. எனினும் அவர் உள்ளத்தில் ஒரு நெருடல் தோன்றும், "என்ன, மேடைப் பேச்சுப் பேசுகிறாள்?" என்று வீட்டார் நகைப்பர். வீட்டிற்குள் வினயம் வேறு மொழி பேசுகிறது. இருக்கையை விட்டு எழுவது, 'வாங்க பெரியப்பா' என்பது, அவர் அமர்ந்த பின் அமர்வது, ஒரு செம்பு நீர் கொண்டுவந்து கொடுப்பது, பெரியம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பது ஆகியவையே அங்கு முழுமையான வந்தனை. தத்துவார்த்த சூத்திரம் கூறும் வினயத்தின் நான்கு வகைகளுள் இறுதியானது உபசார வினயம். பெரியோர் வரும்போது எழுதலும் எதிர்கொள்ளலும் கைகுவித்தலும் அதன் உறுப்புகள் என்று உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். அவருள் பூஜ்யபாதர் மேலும் ஒன்று கூறுகிறார்: அவர்கள் கண்ணெதிரே இல்லாதபோதும் அவர்தம் குணங்களை நினைத்துப் போற்றுதலும் உபசார வினயமே. ஆகவே, பெரியப்பா புறப்பட்டுச் சென்ற பின் அவரைப் பற்றி அவ்வீட்டில் எவ்வாறு பேசுகிறார்கள் என்பதும் அவருக்குக் கூறிய வரவேற்பின் ஒரு பகுதியாகிறது. முறையான சொல் இல்லாமலே முறைமை நிறைவேறும் இடம் வீடு.

இரண்டாமவர் ஆசிரியர். பேருந்து நிலையத்தில், கையில் துணிப்பையோடு நிற்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரை அப்பெண் காண்கிறார். ஆசிரியருக்கு மாணவியின் முகம் நினைவில்லை. இங்கு யார் முதலில் வணங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாணவர் எத்தனை உயர்ந்த பதவியில் இருந்தாலும் அவரே முந்த வேண்டும். ஏன்? பஞ்ச நமஸ்காரத்தை எண்ணிப் பார்ப்போம். எண்வினையும் அறுத்த சித்தர் மேலான நிலையினர். எனினும் நாம் அருகரையே முதலில் வணங்குகிறோம். சித்தரைப் பற்றி நமக்கு அறிவித்தவர் அருகர். அவர் உரைத்திராவிடில் நாம் அறிந்திருக்க மாட்டோம். அறிவித்தவருக்கு முதல் வணக்கம் என்னும் அந்த ஒழுங்கு நாள்தோறும் நம் நாவில் இருக்கிறது.

ஆனால் இங்கு எளிமைக்கும் ஓர் இடம் உண்டு. 'வணக்கம் ஐயா, நான் உங்களிடம் எட்டாம் வகுப்பிற் படித்தவள்' என்று பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் கூறுவதே நன்று. 'என்னைத் தெரிகிறதா ஐயா?' என்று கேட்டு நிறுத்துவது பெரும்பாலோர் செய்யும் தவறு. அது நட்புரிமை போலத் தோன்றினும், முதுமையால் நினைவு தளர்ந்த ஒருவரை நடுத்தெருவில் தேர்வெழுதச் செய்வதாகும். அவர் விடை தெரியாமல் திகைப்பதைச் சுற்றி நிற்போர் பார்ப்பர். வணக்கத்தின் முதற்பயன் எதிரே இருப்பவரின் சங்கடத்தைக் குறைப்பது. சொல் எத்தனை முறையாக இருப்பினும், சங்கடத்தைக் கூட்டும் வணக்கம் பழுதுபட்டதே.

ஆசிரியரின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. 'அப்படியா அம்மா, நல்லா இரு' என்று சொல்வதா, 'நல்லா இருங்க' என்று சொல்வதா? பேருந்து நிலையத்தில் அவர் 'நீ' என்பது ஆசி. அதை இழக்க எந்த மாணவரும் விரும்பார். அடுத்த மாதம் ஒரு சான்றிதழுக்காக அவரே அவ்வலுவலகத்திற்கு வருவாராயின், ஊழியரும் பொதுமக்களும் சூழ்ந்திருக்கும் இடத்தில் 'நீங்கள்' என்பார். அது பதவிக்கு அவர் தரும் மதிப்பு. அப்போது அப்பெண் செய்யத்தக்கது எழுந்து நின்று வரவேற்பதும், 'என்னை நீ என்றே சொல்லுங்கள் ஐயா' என்று எல்லார் காதிலும் விழும்படி கூறுவதுமே. ஆசிரியரின் முறைமையும் மாணவியின் தளர்த்தலும் ஒன்றையொன்று உயர்த்துகின்றன. இருவரும் தத்தம் உரிமையைப் பற்றிக்கொண்டு நின்றால், அங்கே வணக்கம் இராது, கணக்கே இருக்கும்.

மூன்றாமவர் புதிய உடன்பணியாளர். கடினமான இடம் இதுவே; பெரியப்பாவுக்கும் ஆசிரியருக்கும் மரபு வழிகாட்டுகிறது, அலுவலகத்திலோ அகவை ஒரு பக்கமும் பதவி ஒரு பக்கமும் இழுக்கின்றன. அப்பெண்ணுக்கு வயது இருபத்தாறு. அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் அலுவலக உதவியாளருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவ்வலுவலகத்தில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லி 'நீ' என்றே அழைத்து வருகின்றனர். முதல் நாள் காலை அவர் எழுந்து, 'வணக்கம் மேடம்' என்கிறார். அப்பெண் என்ன செய்வார்?

தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே செல்லலாம். பதவி அதனை அனுமதிக்கிறது. 'ஐயா' எனலாம், முதல் நாளிலேயே அது சிலரை நகைக்கச் செய்யும், அவரைக் கூசவும் செய்யும். 'அண்ணே' எனலாம், இனிய சொல்தான். ஆனால் உறவுச்சொல் சில வேளை உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. 'அண்ணே' என்று அழைத்து, அலுவற்பணி அல்லாத சொந்த வேலைகளை அவரிடம் வாங்கிக்கொள்வது, 'நீ' என்று அழைத்து முறையான வேலை மட்டும் வாங்குவதைவிட மேலானது என்று சொல்ல முடியாது. இங்கு நமக்குத் தோன்றும் வழி எளியது. அவர் கூறிய அதே சொல்லை, அவர் செய்த அதே அளவில், கைகூப்பித் திருப்பிக் கூறுவது. 'நீங்கள்' என்று பேசத் தொடங்குவது. 'உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?' என்று ஒரு முறை கேட்டுவிடுவது. அவர் 'பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்' என்றால், பெயரோடு 'நீங்கள்' சேர்த்தே அழைக்கலாம். பெயர் அவர் தந்த உரிமை. 'நீங்கள்' அப்பெண் விட்டுக்கொடுக்காத கடமை.

நிகரான பதவியிலுள்ள புதியவரிடமும் இக்கேள்வி பயன்படும். தம்மினும் பத்து வயது மூத்த பெண்மணியை 'அம்மா' என்று விளித்தால் மரியாதை என்று நினைக்கிறோம். அவருக்கு அது முதுமையைச் சுட்டுவதாகப் படலாம். 'அக்கா' என்றால் சிலர் மகிழ்வர். அலுவலகத்தில் உறவு கொண்டாடுவதைச் சிலர் விரும்பார். எதிரே இருப்பவரின் விருப்பத்தை அறியாமல் நாமே ஊகிப்பது ஒரு சார்புப் பார்வை. அவரைக் கேட்டு அறிவது அநேகாந்தம்.

வாளைத் தலைமேல் வைத்து வணங்கு என்றால்

இதுவரை, வணங்குபவரின் கடமையையே பேசினோம். வணக்கத்தைக் கேட்டுப் பெறுபவரின் நிலையையும் பேசாவிடில் இக்கட்டுரை ஒருதலையாகிவிடும்.

பரதனும் பாகுபலியும் நாம் அறிந்த வரலாறே. சக்கரவர்த்தியான பரதன், தம்பி வந்து வணங்க வேண்டும் என்று தூது அனுப்புகிறான். ஜினசேனாசாரியாரின் ஆதிபுராணத்தில் பாகுபலி கூறும் மறுமொழி ஊன்றி எண்ணத்தக்கது. மூத்தவன் வணங்கத்தக்கவன் என்பதை அவன் மறுக்கவில்லை. வேறு வேளையில் எப்போதும் வணங்கலாம் என்று ஒப்புக்கொள்கிறான். தலைமேல் வாளை வைத்துக்கொண்டு வணங்கச் சொல்வது என்ன முறை என்றே அவன் வினவுகிறான். அண்ணனுக்குரிய வணக்கத்தை அவன் மறுக்கவில்லை. அதிகாரத்திற்குரிய வணக்கமாக அது மாற்றப்படுவதையே மறுத்தான்.

நம் பகுதியின் ஊர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிலமுடையோர் வீட்டுச் சிறுவன் தந்தையின் வயதுடைய பண்ணையாளைப் பெயர் சொல்லி, 'வாடா' என அழைத்ததும், அம்முதியவர் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு 'கும்பிடுறேன் சாமி' என்றதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிகழ்ந்தவை. அங்கே வணக்கம் ஒரு பக்கமாகவே ஓடியது. மறுமொழியாகத் திரும்பியது ஒரு தலையசைப்பு. சில வேளை அதுவும் இல்லை. முறையான வணக்கத்திற்கு அங்கே குறைவில்லை. மூலாசாரம் கூறும் அச்சக் குற்றம் அவ்வணக்கத்தில் நிறைந்திருந்தது. அக்குற்றம் அவரைச் சாராமல், அச்சுறுத்தியவரையே சாரும். குலத்தாலும் செல்வத்தாலும் வரும் செருக்கை எண்வகைச் செருக்குகளுள் வைத்து விலக்கிய நெறியினர் நாம். பிறர் பணிவை அச்செருக்கிற்கு உணவாக்குவது நற்காட்சிக்கே மாசு என்பதை உணர வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழியக்கமும் சுயமரியாதை இயக்கமும் பரவியபோது, மேடைகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் 'நமஸ்காரம்' என்ற சொல்லின் இடத்தை 'வணக்கம்' பெற்றது. அம்மாற்றத்தை மொழி மாற்றம் என்று மட்டும் கருதுவோர் உளர். அதன் பெரும்பயன் வேறு: கூறுபவரும் மறுமொழி தருபவரும் ஒரே சொல்லைக் கூறுகின்றனர். 'கும்பிடுறேன்' என்பதற்கு 'கும்பிடுறேன்' என்று மேலிருந்தவர் மறுமொழி கூறியதில்லை. 'வணக்கம்' என்பதற்கு 'வணக்கம்' என்று கூறாமல் இருப்பது குறையாகக் கருதப்படுகிறது.

சமன்மையை வேறு வழியிலும் அடையலாம். சுவீடன் நாட்டில் ஒருவரைப் பதவிப் பெயராலோ பட்டத்தாலோ விளிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அது தளர்ந்து, 'நீ' என்பதற்கு நிகரான 'டூ' என்னும் சொல் எல்லார்க்கும் பொதுவாயிற்று. 1967இல் அந்நாட்டு மருத்துவ நிருவாகத்தின் தலைமைப் பொறுப்பேற்ற பிரோர் ரெக்செட், தம் ஊழியர் அனைவரையும் அவ்வாறே அழைக்கப்போவதாக அறிவித்தது அம்மாற்றத்தின் அடையாளமாகக் கூறப்படுகிறது. அங்கே எல்லாரும் கீழிறங்கி ஒரு தளத்தில் நின்றனர். நம் நாட்டில், தலைமுறை தலைமுறையாக 'நீ' என்றும் 'டா' என்றும் கேட்டு வந்தவர்களுக்கு அவ்வழி விடுதலையாகாது. அவர்கள் கேட்டு வந்த சொல்லையே அது நிலைபெறச் செய்துவிடும். எல்லாரையும் 'நீங்கள்' என்னும் தளத்திற்கு ஏற்றுவதே இங்கு பொருந்தும் சமன்மை.

எனவே, 'இயல்பாகப் பேசுகிறேன்' என்று கூறும் இளையோரை நாம் ஒன்று கேட்கலாம்: அவ்வியல்பு யாரிடம் செல்லுபடியாகிறது? மேலாளரிடமும் அதே இயல்போடு பேசுகிறீர்களா? தெருப் பெருக்குபவரிடம் மட்டும் இயல்பு என்றால், அது இயல்பன்று. பழைய மேலாண்மையே புது ஆடை உடுத்தி வந்திருக்கிறது. 'மரியாதை போய்விட்டது' என்று வருந்தும் முதியோரையும் ஒன்று கேட்கலாம்: நீங்கள் எதிர்பார்க்கும் வணக்கத்தைத் திருப்பித் தருகிறீர்களா? கைகூப்பிய சிறுவனுக்குக் கைகூப்பி மறுமொழி கூறும் பெரியவரிடம் அச்சிறுவன் கற்பது பணிவை. தலையை மட்டும் அசைப்பவரிடம் அவன் கற்பது, வளர்ந்த பின் தானும் தலையை மட்டும் அசைக்கலாம் என்பதையே.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் துறவியின் கல்வெட்டு உள்ளது. அவர் பெயரோடு 'ஆசிரிகர்' என்ற சொல்லை மதிப்பு விகுதியோடு பொறித்து வைத்தனர் அக்காலத்தார். அவர் அதைப் பார்க்கப் போவதில்லை. பொறித்தவர்க்கு அவரிடமிருந்து பெறுவதற்கும் ஒன்றுமில்லை. அச்சமும் இல்லை, ஆதாயமும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. ஆயினும் விகுதி குறையவில்லை. 'நமோஸ்து' என்றாலும் 'வாங்க பெரியப்பா' என்றாலும், நாம் கூறும் சொல் அவ்விகுதிக்கு ஒப்பாக நிற்குமாயின், அதுவே குற்றமற்ற வணக்கம்.